15 நிமிட சிங்க் 20 நிமிடம் எடுத்தால்: பேட்ச் அளவையும் வொர்க்கர் எண்ணிக்கையையும் எந்த ஒழுங்கில் மாற்றுவது

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம். திருகோணமலை நகரத்தில் மூன்று கடை, கிண்ணியா, மூதூர், நிலாவெளி, கந்தளாயில் ஒவ்வொன்று என்று ஏழு கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி தொலைபேசி எடுத்தார். "தம்பி, மூதூர் கடையில அரிசி முடிஞ்சுது எண்டு பெடியன் சொல்றான். இங்க ஸ்கிரீன்ல இன்னும் நாப்பது மூட்டை காட்டுது."

ஏழு கடைகளின் பில் விவரமும் இருப்பும் நகரத்தில் உள்ள சேர்வருக்கு வரும். அங்கிருந்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பைதான் ஸ்கிரிப்ட், சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த மத்திய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாற்றங்களை அனுப்பும். அந்த ஓட்டம்தான் 15 நிமிடத்துக்குள் முடியாமல் 20 நிமிடம் இழுத்துக்கொண்டிருந்தது.

என்னோடு வேலை செய்யும் தம்பி கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, வொர்க்கரை எட்டாக்குவமா?" இந்தச் சிக்கலைச் சந்திக்கும் புதியவர்கள் எல்லாருமே அங்கேதான் தொடங்குகிறார்கள். ஆனால் அது கடைசியில் தொட வேண்டிய இடம். நாங்கள் செய்த ஒழுங்கை, எங்கள் எண்களோடு அப்படியே கீழே தருகிறேன். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் விதம் மாறாது.

## 1. தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று எண்கள் வேண்டும். நெருக்கடியான நேரத்தில் ஒரு இடைவெளிக்குள் எத்தனை வரிகள் மாறுகின்றன, ஒரு ஓட்டம் எவ்வளவு நேரம் எடுக்கிறது, உங்கள் இடத்திலிருந்து மத்திய சேர்வருக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது. எங்களுக்கு 15 நிமிடத்துக்கு 24,000 வரிகள், 20 நிமிடம், 60 மில்லிசெக்கன்.

சாதாரண நாளின் எண்ணை எடுத்துவிடாதீர்கள். எங்களுக்குச் சாதாரண நாளில் 8,000 வரிகள்தான். அது ஏழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆகவேதான் ஒரு வருடமாக ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை.

இடைவெளியைத் தாண்டிய சிங்க் அந்த அளவிலேயே நின்றுவிடாது என்பதையும் இங்கேயே கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 1,600 வரிகள் வருகின்றன, எங்கள் ஸ்கிரிப்ட் அனுப்பியது நிமிடத்துக்கு 1,200. முதல் ஓட்டம் 20 நிமிடம். அந்த 20 நிமிடத்தில் 32,000 வரிகள் சேர்ந்துவிடும், உடனேயே அடுத்ததைத் தொடங்கினாலும் அது 27 நிமிடம் எடுக்கும். அதற்கடுத்தது 35ஐத் தாண்டும். கடைகள் பூட்டும்வரை பின்தங்கல் கூடிக்கொண்டே போகும். "கொஞ்சம் பிந்துது, பரவாயில்லை" என்று விட முடியாததற்கு இதுதான் காரணம்.

நான்காவதாக ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: ஒரே வரியை இரண்டு தடவை அனுப்பினால் மறுபக்கத்தில் கணக்குப் பிழைக்குமா? எங்கள் மத்திய டேட்டாபேஸில் மென்பொருள் விற்றவர்கள் போட்ட ஒரு டிரிகர் இருக்கிறது. ஒவ்வொரு வரி வரும்போதும் அந்தப் பொருளின் மொத்த இருப்பை அது திரும்பக் கணக்கிடும். திரும்பக் கணக்கிடுவது என்பதால் இரண்டு தடவை போனாலும் விடை ஒன்றுதான். அதுவே பழைய எண்ணோடு கூட்டும் டிரிகராக இருந்திருந்தால், கீழே சொல்லும் மறுமுயற்சி எதுவும் செய்ய முடியாது, இருப்பு இரட்டித்துவிடும். அப்படியானால் முதலில் அதைத் திருத்துங்கள்.

## 2. ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தடுங்கள்

கிரானுக்கு முந்தின ஓட்டம் முடிந்ததா என்ற கவலை இல்லை. 15 நிமிடம் ஆனால் அடுத்ததைத் தொடங்கிவிடும். இரண்டு ஓட்டங்களும் ஒரே இடத்திலிருந்து வாசித்து, அதே வரிகளை அனுப்பி, ஒன்றையொன்று மெதுவாக்கும். இந்த நிலையில் எடுக்கும் எந்த அளவும் செல்லாது. அளப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்வது அதனால்தான்.

```
*/15 * * * * flock -n -E 75 /tmp/sync.lock timeout 40m /opt/sync/run.sh; echo "exit=$? $(date)" >> /var/log/sync-exit.log
```

முந்தினது ஓடிக்கொண்டிருந்தால் `-n` காத்திருக்காமல் விலகிவிடும். அப்போது 75 என்ற எண்ணோடு வெளியேறும்படி `-E 75` சொல்கிறது. ஸ்கிரிப்ட் தானே பிழைத்து வெளியேறியதையும் பூட்டால் விலகியதையும் லொக்கில் பிரித்தறிய இது உதவும். `timeout` நேரம் கடந்து நிறுத்தினால் 124 வரும்.

சிலர் ஸ்கிரிப்டுக்குள்ளேயே ஒரு கோப்பை உருவாக்கி, முடிவில் அழிப்பதைப் பூட்டாக வைக்கிறார்கள். கரண்ட் போய் வந்தால் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும், சிங்க் பிறகு ஓடவே ஓடாது. `flock` அப்படியில்லை. பூட்டைக் கேர்னல் வைத்திருக்கிறது, ஓட்டம் செத்தால் பூட்டும் விடுபடும். கோப்பு மிச்சம் இருப்பதால் ஒன்றும் ஆகாது.

இதைப் போட்டதும் சிங்க் வேகமாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 20 நிமிட ஓட்டம் 0இல் தொடங்கினால் அடுத்தது 15இல் அல்ல, 30இல்தான் தொடங்கும். சரி, இப்போதைக்கு அது போதும். நாங்கள் கேட்பது அளக்கக்கூடிய ஒரு நிலை.

## 3. நேரம் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள்

ஒவ்வொரு பேட்சுக்கும் வாசிக்க எடுத்த நேரம், அனுப்பி முடிக்க எடுத்த நேரம் இரண்டையும் தனித்தனியாக லொக்கில் எழுதுங்கள். மொத்த நேரம் மட்டும் தெரிந்தால் எதை மாற்றுவது என்று தெரியாது.

எங்களுக்கு 24,000 வரிகளையும் உள்ளூர் சேர்வரில் வாசிக்க எல்லாமாக ஆறு செக்கன். மீதி முழுவதும் அனுப்புவதில். உங்களுக்கு வாசிப்பதே பெரிதாக இருந்தால் இந்த வழிகாட்டியை இங்கே நிறுத்திவிட்டு, மாற்ற நேரம் அல்லது மாற்ற எண் உள்ள பத்தியில் இன்டெக்ஸ் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். `OFFSET` போட்டுப் பக்கம் பக்கமாக வாசிக்கிறீர்கள் என்றால் பின்னால் போகப் போக மெதுவாகும், கடைசியாக வாசித்த எண்ணுக்கு மேல் என்று கேளுங்கள்.

## 4. ஒரு பேட்சின் விலையை இரண்டாகப் பிரியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். ஒரு பேட்ச் எடுக்கும் நேரத்தில் இரண்டு பங்கு உண்டு. எத்தனை வரி இருந்தாலும் மாறாத நிலைச் செலவு ஒன்று, ஒவ்வொரு வரிக்கும் சேரும் வரிச் செலவு மற்றது. மூதூருக்குச் சாமான் ஏற்றும் லொறியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை ஏற்றினாலும் நூறு ஏற்றினாலும் டீசல் காசு ஏறக்குறைய அதேதான், ஏற்றுகூலி மட்டும் மூட்டைக் கணக்கில் கூடும்.

```
T = a + c × b
```

b என்பது பேட்சில் உள்ள வரிகள், a நிலைச் செலவு, c வரிச் செலவு. இரண்டு வேறு அளவில் ஓட்டிப் பார்த்தால் a, c இரண்டும் கிடைத்துவிடும். ஒவ்வொரு அளவிலும் முப்பது பேட்சாவது ஓட்டி நடு எண்ணை எடுங்கள். ஒன்றிரண்டை மட்டும் பார்த்தால் இணைய வேகத்தின் ஏற்ற இறக்கம் ஏமாற்றிவிடும்.

எங்கள் ஸ்கிரிப்டில் பேட்ச் 20 வரிகளாக இருந்தது, ஒரு பேட்சுக்கு 1.0 செக்கன். 100 ஆக்கியபோது 2.6 செக்கன். 80 வரிகள் கூடியதற்கு 1.6 செக்கன் கூடியது, ஆக c = 0.02 செக்கன். 100 வரிகளுக்கு அது 2.0, மீதி 0.6 செக்கன்தான் a.

இனி முடிவெடுப்பது சுலபம். பேட்சைக் கூட்டினால் குறைவது a மட்டுமே. c-க்கு பேட்சால் ஒன்றும் செய்ய முடியாது. 24,000 × 0.02 = 480 செக்கன், அதாவது 8 நிமிடம். ஒரு வொர்க்கர் மட்டும் ஓடும்வரை எவ்வளவு பெரிய பேட்ச் போட்டாலும் இந்த 8 நிமிடத்துக்குக் கீழே போக வழியில்லை.

## 5. பேட்சைத் தொட முன் நிலைச் செலவைக் குறையுங்கள்

0.6 செக்கன் எங்கிருந்து வருகிறது? போய்வர 60 மில்லிசெக்கன் என்றால் அது பத்துப் பயணம். கோடைத் திறந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு புதிய இணைப்பைத் திறந்து, அனுப்பி, மூடிக்கொண்டிருந்தது. மறைகுறியாக்கம், கடவுச்சொல் சரிபார்ப்பு எல்லாம் சேர்ந்து புதிய இணைப்பு ஒன்றுக்கு ஏழு பயணம் அளவில் ஆனது. மீதி மூன்றும் தொடக்கம், அனுப்பல், உறுதிசெய்தல்.

இணைப்பை ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒரு தடவை திறந்து முடிவுவரை வைத்திருக்கும்படி மாற்றினோம். a 0.18 ஆனது. பேட்ச் இன்னும் 20 வரிகள்தான், ஆனால் ஒரு பேட்ச் 0.58 செக்கன். 1,200 பேட்சுக்கு 696 செக்கன், அதாவது 11 நிமிடம் 36 செக்கன். பேட்சையோ வொர்க்கரையோ தொடாமலே 15க்குள் வந்துவிட்டோம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீண்ட நேரம் திறந்திருக்கும் இணைப்பு இடையில் அறுந்தால் ஸ்கிரிப்ட் முழுதும் விழும். பிழை வந்தால் அந்த பேட்சைக் கைவிட்டு, இணைப்பைப் புதிதாகத் திறந்து, அதே பேட்சை மறுபடி அனுப்பும் பகுதியையும் சேர்த்தே எழுதுங்கள். முதலாம் படியில் இரட்டை அனுப்பலைச் சோதிக்கச் சொன்னது இதற்காகத்தான்: உறுதிசெய்யும் கட்டளை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வராமல் அறுந்திருந்தால் நீங்கள் அனுப்புவது இரண்டாம் தடவை.

## 6. பேட்சைக் கூட்டுங்கள், ஆனால் எங்கே நிற்பது என்று பாருங்கள்

இணைப்பைத் திருத்திய பிறகு எங்கள் கணக்கு இது:

20 வரிகள்: 696 செக்கன்.
100 வரிகள்: 2.18 × 240 = 523 செக்கன்.
200 வரிகள்: 4.18 × 120 = 502 செக்கன்.
500 வரிகள்: 10.18 × 48 = 489 செக்கன்.

20இலிருந்து 100க்குப் போனதில் மூன்று நிமிடத்துக்குக் கிட்ட மிச்சம். 200இலிருந்து 500க்குப் போனதில் 13 செக்கன் மட்டும். அந்த 13 செக்கனுக்காகக் கொடுக்கும் விலை அதிகம். 500 வரி பேட்ச் ஒன்று பத்து செக்கன் திறந்திருக்கும். அவ்வளவு நேரமும் அது தொட்ட பொருட்களின் இருப்பு வரிகள் பூட்டப்பட்டிருக்கும். ஒரு வரி பிழைத்தால் 500ம் திரும்பிப் போகவேண்டும்.

என் கைக்கணக்கு: வரிச் செலவு நிலைச் செலவைவிடப் பத்து மடங்காகும் இடத்தில் நிறுத்திவிடுவேன். எங்களுக்கு அது 90 வரிகளுக்குப் பக்கத்தில் வருகிறது. முழு எண்ணாக 100. அன்று நாங்கள் 200இல் நிறுத்தினோம், பிறகு ஏன் பின்வாங்கினோம் என்பது ஒன்பதாம் படியில் வரும்.

கூட்டும்போது மோதக்கூடிய ஒரு சுவரும் உண்டு. போஸ்ட்கிரெஸுக்கு ஒரு கட்டளையோடு அனுப்பக்கூடிய மாறிகள் 65,535 மட்டுமே. ஒரு வரியில் 24 பத்தி இருந்தால் ஒரே `INSERT`இல் 2,730 வரிகளுக்கு மேல் போகாது. மதிப்புகளைத் தானே கட்டளைக்குள் எழுதி அனுப்பும் பழைய psycopg2 இந்த எல்லையில் மோதாது. psycopg 3க்கு மாறியவர்கள் "நேற்றுவரை ஓடியதே" என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

## 7. ஒரே பொருள் ஒரே பேட்சில் இரண்டு தடவை வந்தால்

பேட்சைக் கூட்டிய அன்றே இந்தப் பிழை வரும்:

```
ERROR: ON CONFLICT DO UPDATE command cannot affect row a second time
```

பேட்ச் சிறிதாக இருந்தபோது ஒரே அரிசியின் இருப்பு வரி ஒரே பேட்சில் இரண்டு தடவை வருவது அரிது. 200 ஆக்கினால், நெருக்கடி நேரத்தில், கட்டாயம் வரும். ஒரே கட்டளையில் ஒரே சாவியை இரண்டு தடவை மாற்ற போஸ்ட்கிரெஸ் விடாது. எது கடைசி என்று அதற்குத் தெரியாது.

தம்பி இதைப் பார்த்ததும் பேட்சைத் திரும்ப 20 ஆக்கிவிட்டான். பிழை மறைந்தது, ஆனால் காரணம் அப்படியே இருந்தது. சரியான வழி, அனுப்புவதற்கு முன் சாவிக்கு ஒன்று என்று கடைசி நிலையை மட்டும் வைத்துக்கொள்வது.

```python
latest = {}
for r in rows:            # மாற்ற எண் ஒழுங்கில்
    latest[r.key] = r
batch = sorted(latest.values(), key=lambda r: r.key)
```

இது இருப்பு போன்ற, கடைசி நிலை மட்டும் தேவையான அட்டவணைகளுக்கு. பில் வரிகளை இப்படிச் சுருக்கக் கூடாது. அவை ஒவ்வொன்றும் தனி விற்பனை. இரண்டையும் ஒரே பங்ஷனுக்குள் போட்டு, பத்து மூட்டை விற்றதை ஒரு மூட்டையாக்கிவிடாதீர்கள். கடைசி வரியில் உள்ள `sorted` ஏன் என்பது அடுத்த படியில்.

## 8. வொர்க்கர்களுக்கு வேலையைப் பொருள் வாரியாகப் பிரியுங்கள்

8 நிமிடத் தரையைத் தாண்ட இப்போதுதான் வொர்க்கர் வேண்டும். 502 செக்கன் என்றால் 15 நிமிடத்தில் 56 வீதம். நான் நெருக்கடி நேரத்திலும் பாதி இடைவெளிக்குள் முடியவேண்டும் என்று பார்க்கிறேன். அடுத்த பெருநாளில் வியாபாரம் கூடலாம், இணையம் மெதுவாகலாம்.

எப்படிப் பிரிப்பது? முதலில் எல்லாருக்கும் தோன்றுவது, வரிசையில் உள்ள பேட்ச்களை எந்த வொர்க்கர் சும்மா இருக்கிறதோ அதற்குக் கொடுப்பது. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். பத்து நிமிடத்துக்குள் இது வந்தது:

```
ERROR: deadlock detected
SQLSTATE: 40P01
```

நடந்தது என்னவென்றால், ஒரு வொர்க்கரின் பேட்சில் அரிசி முதலில், சீனி பிறகு. மற்றதில் சீனி முதலில், அரிசி பிறகு. டிரிகர் ஒவ்வொரு பொருளின் மொத்த இருப்பு வரியையும் பூட்டும், பேட்ச் உறுதியாகும்வரை விடாது. இரண்டும் மற்றது விடட்டும் என்று காத்திருக்கும். போஸ்ட்கிரெஸ் ஒரு செக்கன் பார்த்துவிட்டு ஒன்றைத் தூக்கி எறியும்.

பேட்சுக்குள் சாவி ஒழுங்கில் அடுக்கினால் (மேலே `sorted`) இருவரும் ஒரே ஒழுங்கில் பூட்டுவார்கள், இந்தச் சிக்கல் தீரும். பில் வரிகளுக்கும் சாவி பில் எண் அல்ல, பொருள் குறியீடு முதலில் வரவேண்டும். டிரிகர் பூட்டுவது பொருளைத்தான். ஆனால் அடுக்கினாலும் காத்திருப்பு தீராது. அரிசி எல்லா பேட்சிலும் இருக்கும். இரண்டு வொர்க்கர் இருந்தும் ஒன்று மற்றதற்குப் பின்னால் கியூவில் நிற்கும். அதைத் தவிர்க்க, ஒரு பொருள் எப்போதும் ஒரே வொர்க்கருக்கே போகவேண்டும்.

```python
import zlib
w = zlib.crc32(item_code.encode()) % WORKERS
```

இந்த இடத்தில் பைதானின் `hash()`ஐப் போடாதீர்கள். எழுத்துகளுக்கு அது தரும் எண் ஒவ்வொரு புரொசெஸிலும் மாறும். பிரிப்பவரும் வொர்க்கரும் தனித்தனிப் புரொசெஸ் ஆனால் அரிசி இரண்டு பக்கமும் போகும், நீங்கள் டெட்லொக் ஏன் போகவில்லை என்று இரவு முழுக்கத் தேடுவீர்கள்.

காத்திருப்பு உண்மையில் தீர்ந்ததா என்று பார்க்க, ஓட்டத்தின்போதே மத்திய டேட்டாபேஸில் கேளுங்கள். இணைப்பைத் திறக்கும்போது `application_name`ஐ `sync` என்று வைத்திருக்க வேண்டும்.

```sql
SELECT pid, wait_event_type, now() - xact_start AS age
FROM pg_stat_activity
WHERE application_name = 'sync';
```

`wait_event_type` பத்தியில் `Lock` அடிக்கடி வந்தால் வொர்க்கர்கள் ஒருவரையொருவர் தடுக்கிறார்கள். அந்த நிலையில் வொர்க்கரைக் கூட்டினால் கியூதான் நீளும்.

## 9. எத்தனை வொர்க்கர் என்பதை ஒன்றொன்றாகக் கூட்டிப் பாருங்கள்

எட்டு என்று தொடங்கிக் குறைக்க வேண்டாம், இரண்டிலிருந்து கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் மொத்த நேரத்தை மட்டும் பார்க்காமல், ஒரு பேட்ச் எடுக்கும் நேரம் எவ்வளவு கூடியது என்றும் பாருங்கள். மத்திய சேர்வர் திணறுவதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். 200 வரி பேட்சோடு எங்களுக்கு வந்தவை:

1 வொர்க்கர்: பேட்சுக்கு 4.18 செக்கன், மொத்தம் 502.
2 வொர்க்கர்: 4.4 செக்கன், மொத்தம் 264.
3 வொர்க்கர்: 5.6 செக்கன், மொத்தம் 224.
4 வொர்க்கர்: 7.7 செக்கன், மொத்தம் 231.

எங்கள் மத்திய சேர்வருக்கு இரண்டு சிபியு. வரிச் செலவின் பெரும் பங்கு அந்த டிரிகர் போடும் கணக்கு, அது சிபியு வேலை. இரண்டு வொர்க்கருக்கு இரண்டு சிபியு, ஏறக்குறைய பாதி நேரம். மூன்றாவது, மற்றவை இணையத்தில் பதிலுக்குக் காத்திருக்கும் சின்ன இடைவெளிகளை நிரப்புகிறது. நான்காவது வெறுமனே கூட்டம். எட்டு என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தம்பிக்கு விளக்கத் தேவைப்படவில்லை.

மூன்று கொஞ்சம் வேகம்தான், ஆனாலும் நான் இரண்டில் நிறுத்தினேன். மூன்று ஓடும்போது இரண்டு சிபியுவும் முட்ட நிரம்பி, கணக்காளர் திறக்கும் நாள் அறிக்கை இழுபட்டது. 40 செக்கனை மிச்சம்பிடித்து அலுவலகத்தைக் காக்கவைப்பதில் அர்த்தம் இல்லை.

அப்புறம் பேட்சுக்குத் திரும்பிப் போனோம். வொர்க்கர் ஒன்றாக இருந்தபோது 4 செக்கன் பூட்டு யாரையும் தடுக்கவில்லை. இப்போது இரண்டு வொர்க்கரும் பகல் முழுக்கப் பூட்டிக்கொண்டிருந்தால், அலுவலகத்தில் கையால் இருப்பைத் திருத்துபவர் காத்திருக்க வேண்டும். 100 ஆகக் குறைத்தோம். பேட்சுக்கு 2.3 செக்கன், வொர்க்கருக்கு 120 பேட்ச், மொத்தம் 276 செக்கன். 12 செக்கன் கூடியது, பூட்டு நேரம் பாதியானது. வொர்க்கர் எண்ணிக்கை மாறினால் பேட்ச் அளவை மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

மொத்த நேரம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு வொர்க்கருக்கும் எத்தனை வரி போனது என்று எண்ணுங்கள். அரிசி, சீனி, பருப்பு மூன்றும் ஒரே வொர்க்கரிடம் மாட்டினால் மற்றது சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கும். ஓட்டம் முடிவது மெதுவான வொர்க்கர் முடிக்கும்போதுதான். எங்களுக்கு வித்தியாசம் சிறிது, விட்டுவிட்டோம். பெரிதாக இருந்தால் அதிகம் விற்கும் சில பொருட்களுக்கு மட்டும் வொர்க்கரைக் கையால் ஒதுக்குங்கள்.

## 10. "இதுவரை முடிந்தது" என்ற எண்ணை எப்போது நகர்த்துவது

வொர்க்கர் ஒன்றாக இருக்கும்வரை, பேட்ச் முடிந்ததும் கடைசி மாற்ற எண்ணைச் சேமித்தால் போதும். இரண்டானதும் இந்தப் பழக்கம் தரவைத் தொலைக்கும். ஒரு வொர்க்கர் 5,000வது மாற்றம்வரை முடித்துச் சேமித்துவிட்டது, மற்றது இன்னும் 4,200இல் இருக்கிறது. அந்த நேரம் கரண்ட் போனால் அடுத்த ஓட்டம் 5,001இலிருந்து தொடங்கும். இரண்டாம் வொர்க்கரின் மிச்ச வரிகள் ஒருபோதும் போகாது. பிழைச் செய்தியும் வராது. மாத முடிவில் இருப்பு எடுக்கும்போதுதான் தெரியும்.

நாங்கள் செய்வது: 2,400 மாற்றங்களை ஒரு கட்டாக எடுப்போம். இரண்டு வொர்க்கருக்கும் பிரிப்போம். இரண்டும் அந்தக் கட்டை முடித்த பிறகே எண்ணை 2,400 நகர்த்துவோம். இடையில் எது விழுந்தாலும் அந்தக் கட்டு முழுதும் மறுபடி போகும். வேகமான வொர்க்கர் கொஞ்சம் காத்திருக்கும், அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

மேல் எல்லையையும் ஓட்டம் தொடங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். "மிச்சம் இருக்கும்வரை அனுப்பு" என்று எழுதினால் கடைகள் விற்றுக்கொண்டே இருக்கும், ஓட்டம் முடியாது, `timeout` வந்து வெட்டும்.

இன்னொன்று, இது வொர்க்கர் ஒன்றே இருந்தாலும் நடக்கும். மாற்ற எண் கொடுக்கப்படுவது பில் எழுதத் தொடங்கும்போது, ஆனால் அது மற்றவர்களுக்குத் தெரிவது உறுதியான பிறகு. 7,010 உறுதியாகிவிட்டது, 7,008 இன்னும் ஆகவில்லை என்ற நொடியில் வாசித்தால் 7,008 தப்பிவிடும். ஒவ்வொரு ஓட்டத்தையும் சேமித்த எண்ணுக்குச் சில நூறு முன்னாலிருந்து தொடங்குகிறோம். அதே வரிகள் திரும்பப் போகும், அதனால் கெடுதல் இல்லை என்று முதலாம் படியில் பார்த்துவிட்டோம்.

## 11. பின்தங்கிய பிறகு எவ்வளவு நேரத்தில் பிடிக்கும்

இணையம் மூன்று மணி நேரம் அறுந்தது, கடைகள் ஓடிக்கொண்டிருந்தன என்று வையுங்கள். நெருக்கடி நேரக் கணக்கில் 1,600 × 180 = 288,000 வரிகள் குவிந்திருக்கும்.

எங்கள் வேகம் செக்கனுக்கு 87 வரிகள். ஆனால் பிடிக்கும்போதும் செக்கனுக்கு 27 வரிகள் புதிதாக வருகின்றன. மிஞ்சுவது 60. 288,000ஐ 60ஆல் வகுத்தால் 4,800 செக்கன், 80 நிமிடம். முதலாளி கேட்கும்போது "கொஞ்ச நேரத்தில சரிவரும் ஐயா" என்று சொல்வதைவிட "ஒன்றரை மணிக்குள்ள சரிவரும் ஐயா" என்று சொல்ல முடிகிறது.

80 நிமிடம் `timeout 40m`ஐத் தாண்டும், பரவாயில்லை. ஓட்டம் வெட்டப்பட்டாலும் கட்டு வாரியாக எண் சேமிக்கப்பட்டிருப்பதால் அடுத்த ஓட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும். லொக்கில் 124 வந்திருக்கும். ஓட்டங்களுக்கு இடையில் கிரான் காத்திருக்கும் சில நிமிடங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி என்று சொன்னது அதற்காக.

இந்த நேரத்தில் தம்பிக்குக் கை துருதுருக்கும், வொர்க்கரை நான்காக்கினால் வேகமாகப் பிடிக்குமே என்று. பகலில் வேண்டாம். மேலே பார்த்தபடி நான்கு இரண்டைவிடச் சிறிதளவே வேகம், மூன்றைவிட மெதுவு, அதோடு எல்லாக் கடையும் மத்திய இருப்பைப் பார்க்கத் துடிக்கும் நேரத்தில் சேர்வரை நிரப்பிவிடும். இரவு கடை பூட்டிய பிறகும் மிச்சம் இருந்தால் மூன்றாக்கிக்கொள்வோம், காலையில் திரும்ப இரண்டு.